முடியாதுன்னு சொல்ற ரிப்ளைல எமோஜி எங்க போகணும்

ரீஃபண்ட் கிடையாதுன்னு கஸ்டமருக்கு எழுதும்போது எமோஜி போடலாமான்னு டீமுக்கு புதுசா வர்ற எல்லாருமே கேப்பாங்க. தாராளமா போடலாம், ஆனா எந்த வரிக்குப் பக்கத்துல அது உக்காருதுன்னு பாத்துப் போடணும், ஏன்னா படிக்கிறவங்க மனசுல அந்த மூஞ்சி மொத்த மெசேஜுக்கும் சேந்தது கிடையாது, அதுக்கு முன்னாடி இருக்கிற வரிக்கு மட்டும்தான்.

ஒரு கேஸ் சொல்றேன். ஒரு கஸ்டமரோட வருஷ பிளான் ஆட்டோ ரினியூ ஆயிடுச்சு. ரினியூ ஆன 14 நாளுக்குள்ள கேட்டா பணம் திரும்பக் குடுப்போம், இவங்க கேட்டது 20-வது நாள். சாட்ல அவங்க எழுதினது இது:

"ஹாய், நான் இந்த ஆப்பை யூஸ் பண்றதே இல்ல, ரினியூ ஆனதே இப்ப கார்டு ஸ்டேட்மென்ட்ல பாத்துதான் தெரியும், ரீஃபண்ட் பண்ணிடுங்க ப்ளீஸ் 🙏"

எங்க டீம்ல புதுசா சேந்த தம்பி டிராஃப்ட் போட்டு, "அண்ணா, இது ஓகேவா?"ன்னு அனுப்பினான்:

"மன்னிக்கணும், 14 நாள் தாண்டிட்டதால ரீஃபண்ட் பண்ண முடியாது 😊 வேற ஏதாவது உதவி வேணுமா? 😊"

அவன் நல்ல எண்ணத்துலதான் எழுதினான், வரி கறாரா இருக்கேன்னு பயந்து ஒரு சிரிப்பை வெச்சிருக்கான். ஆனா பணம் போன கடுப்புல இருக்கிறவங்க இதைப் படிச்சா எப்படி இருக்கும்? "முடியாது"ன்னு சொல்லிட்டு சிரிக்கிறான்னுதான் தோணும். அடுத்து வர்ற "வேற ஏதாவது உதவி வேணுமா"வும் குத்தலாவே கேக்கும், கேட்ட உதவியையே பண்ணலையே.

சரி, சிரிப்பு வேண்டாம் சோகமா போடுவோம்னு "முடியாது 😔" போட்டா வேற பிரச்சனை வரும். பாவம், இந்த ஏஜென்ட்டுக்கே மனசு கேக்கல போல, கொஞ்சம் அழுத்திக் கேட்டா பண்ணிடுவாருன்னு கஸ்டமர் நினைக்க ஆரம்பிச்சிடுவாங்க. "உங்க மேனேஜர்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்"னு அடுத்த மெசேஜ் வரும், மேனேஜரும் அதே பதிலைத்தான் சொல்லப் போறாரு, கடைசில ஒரு தடவை கேக்க வேண்டிய முடியாதுங்கிறதை அவங்க மூணு தடவை கேட்டிருப்பாங்க. கிடைக்காத ஒண்ணுக்கு நம்பிக்கை குடுக்கிறது கனிவு கிடையாது, அதுல எனக்கு ரெண்டு கருத்தே இல்ல.

நாங்க கடைசியா அனுப்பினது இது:

"வணக்கம், ரினியூ ஆனதே தெரியாம கார்டுல பணம் போயிருந்தா யாருக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். ரினியூ ஆகி 14 நாள் வரைக்கும்தான் பணத்தைத் திருப்பித் தர முடியும், இப்ப 20 நாள் ஆயிட்டதால இதை எங்களால ரீஃபண்ட் பண்ண முடியாது. அடுத்த வருஷம் இப்படி ஆகாம இருக்க, நீங்க சரின்னா ஆட்டோ ரினியூவை இப்பவே ஆஃப் பண்ணித் தரேன், பிளான் முடியற வரைக்கும் ஆப் எப்பவும் போல வேலை செய்யும் 😊"

தம்பி போட்ட அதே 😊-தான், இடம் மட்டும்தான் மாறியிருக்கு. முடியாதுங்கிற வரி மொட்டையா, காரணத்தோட, ஒரே தடவை வருது, அங்க மூஞ்சியே கிடையாது. நம்மால குடுக்க முடிஞ்ச ஒண்ணு எங்க இருக்கோ அங்கதான் சிரிப்பு வருது, அதனால அது நிஜமான சிரிப்பாத் தெரியுது. அவங்க பதில் "14 நாள்னு தெரியாம போச்சு, சரி ஆஃப் பண்ணிடுங்க"ன்னு வந்துச்சு, எமோஜி எதுவும் இல்லாம. முதல்ல 🙏 போட்டவங்க இப்ப போடலைன்னா ஒத்துக்கிட்டாங்க, ஆனா சந்தோஷமா இல்லைன்னு அர்த்தம், அப்ப நாமளும் போடக் கூடாது, "ஆஃப் பண்ணிட்டேன், கன்ஃபர்மேஷன் மெயில் வந்திருக்கும்"னு மட்டும் சொல்லி முடிச்சோம்.

தப்பு கஸ்டமர் பக்கம் இருக்கும்போது இன்னும் கவனமா இருக்கணும். "நீங்க பழைய மெயில் ஐடில லாகின் பண்றீங்க 😅"ன்னு எழுதினா, எழுதினவர் மனசுல "பரவால்ல, எல்லாருக்கும் நடக்கிறதுதான்"னு இருக்கும், படிக்கிறவங்களுக்கு இது கூடத் தெரியாதான்னு சிரிக்கிற மாதிரி இருக்கும். கஸ்டமரே "அய்யோ நான்தான் மாத்திப் போட்டேனா 😅"ன்னு முதல்ல சிரிச்சா நாமளும் சேந்து சிரிக்கலாம், அதுக்கு முன்னாடி வேண்டாம். அதுவரைக்கும் வாக்கியத்துலயே ஆளை எடுத்துடறது நல்லது: "இந்த பிளான் வேற மெயில் ஐடில இருக்கு, அதுல லாகின் பண்ணிப் பாருங்க, உங்க ஃபைல் எல்லாம் அங்க பத்திரமா இருக்கு 👍". இதுல "நீங்க தப்பு பண்ணீங்க"ன்னே வரல, எமோஜியும் நல்ல செய்தி மேலதான் இருக்கு.

அதனால டிராஃப்ட்ல இருக்கிற எமோஜி எல்லாத்தையும் அழிச்சிட்டு ஒரு தடவை படிக்கச் சொல்லுவேன். அப்பவும் மரியாதையா இருந்தா திரும்பப் போட்டுக்கலாம், கறாரா தெரிஞ்சா சரி பண்ண வேண்டியது வாக்கியத்தைத்தான்.

எல்லா கஸ்டமருக்கும் இது ஒரே மாதிரி வேலை செய்யாது. 2019-ல ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச்ல வந்த ஒரு ஆய்வுல, சேவை தர்றவங்க இந்த மாதிரி சிரிப்புக் குறி போட்டா அன்பானவங்களாத் தெரியறாங்க, ஆனா திறமை கம்மியானவங்களாவும் தெரியறாங்கன்னு கண்டுபிடிச்சாங்க. உறவு மாதிரி பழகறவங்களுக்கு அந்த அன்பு பெருசா தெரியும், காசு குடுத்தேன் வேலை முடியணும்னு வர்றவங்களுக்கு அந்தத் திறமைக் குறைவுதான் கண்ணுல படும். இதைப் படிச்சப்ப டெய்லி பாக்கிறதுக்கு ஒரு விளக்கம் கிடைச்ச மாதிரி இருந்துச்சு. "இன்வாய்ஸ்ல டாக்ஸ் நம்பர் தப்பா இருக்கு, திருத்தி அனுப்பவும்"னு ஒரே வரில எழுதறவங்களுக்கு திருத்தின இன்வாய்ஸ்தான் அன்பு. அதே மாதிரி கார்டுல யாரோ பணம் எடுத்துட்டாங்க, டேட்டா போயிடுச்சு, இறந்துபோனவரோட அக்கவுண்ட்டை மூடணும்னு வர்றவங்களுக்கு எந்த எமோஜியும் கிடையாது, 🙏 கூட வேண்டாம்.

இங்கதான் மேக்ரோ ஆபத்து. ரெடியா வெச்சிருக்கிற பதில்ல கடைசி வரி "நல்ல நாளா அமையட்டும் 😊"ன்னு இருக்கும், அவசரத்துல ஒரு கிளிக்ல போயிடும், யாருக்குப் போகுதுன்னு அதுக்குத் தெரியாது. அதனால எங்க மேக்ரோல இருந்த எமோஜி எல்லாத்தையும் எடுத்துட்டோம், வேணும்னா ஏஜென்ட் கையால சேத்துக்கணும், அந்த ஒரு செகண்ட் யோசிக்கிறதுதான் முக்கியம்.

ஈமெயில் டிக்கெட்னா இன்னொரு சிக்கல் இருக்கு. பழைய MySQL டேட்டாபேஸ்ல எழுத்து செட்டிங் `utf8mb4` இல்லாம பழைய `utf8`-லயே இருந்தா, நாலு பைட் எடுக்கிற எமோஜி அதுல அடங்காது, கேள்விக்குறியா மாறிடும், சில சமயம் அதுக்குப் பின்னாடி இருக்கிறதெல்லாம் வெட்டுப்பட்டுப் போயிடும். "ஆட்டோ ரினியூவை ஆஃப் பண்ணித் தரேன் 😊"ன்னு எழுதினது "ஆஃப் பண்ணித் தரேன் ?"ன்னு போய்ச் சேரும், செய்வானா மாட்டானான்னு அவங்களுக்கே சந்தேகம் வந்துடும். நம்ம ஸ்கிரீன்ல எல்லாம் சரியா தெரியறதால இது கண்ணுல படவே படாது. புது டூல் மாத்தும்போதெல்லாம் வெளி மெயில் ஐடில இருந்து ஒரு டெஸ்ட் டிக்கெட் போட்டு, 😊 🙏 👍 மூணையும் பதில்ல அனுப்பி, அந்தப் பக்கம் எப்படி வருதுன்னு போன்லயும் கம்ப்யூட்டர்லயும் பாத்துட்டுதான் ஈமெயில்ல எமோஜிக்கு ஓகே சொல்றோம்.