கண்ணை மூடாதீர்கள், பாட்டி!

என் வீட்டுக்காரர் படுக்கையிலிருந்து எழுந்து நடந்தால் உன் வாசலில் வந்து சேவை செய்கிறேன் என்று ஏழுமலையானிடம் வேண்டியிருந்தேன். நடக்க வைத்துவிட்டான். பூத்தொடுக்கும் வேலை கிடைக்கும் என்ற ஆசையோடுதான் திருமலைக்குப் போனேன். தன்னார்வலர்கள் செய்யும் ஸ்ரீவாரி சேவையில் எனக்கு வாய்த்ததோ, பக்தர்கள் தரிசனத்துக்குக் காத்திருக்கும் வைகுண்டம் கியூ வளாகம். முதல்முறை வருகிறவர்களுக்கு வழி சொல்ல வேண்டும்.

அவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. தலை நிறைய மல்லிகை இருக்கும். மலையில் பூவெல்லாம் பெருமாளுக்கே என்பது அவர்களுக்குத் தெரியாது. கையில் செல்போனும் இருக்கும். அதை வைப்பறையில் கொடுத்து ரசீது வாங்குங்கள், வழியில் எவரிடமும் கொடுக்காதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்வேன். "சீக்கிர தரிசனம்" என்று காதோடு பேசிப் பணம் பறிக்கும் தரகர்களிடம் ஏமாந்து வருகிறவர்களைப் பார்த்தால்தான் வயிறு எரியும்.

அன்று ஒரு பாட்டி பேரனோடு வந்தார். முதலில் வராகசுவாமியைச் சேவித்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். தரிசனம் முடிந்ததும் புஷ்கரிணிக் கரைக்குப் போய்ச் சேவித்துக்கொள்ளுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றேன். காத்திருக்கும் அறையின் கதவு திறந்ததும் எல்லாரும் முட்டிமோதுவார்கள், நீங்கள் எழ வேண்டாம், கூட்டம் வடிந்த பிறகு சுவரோரமாக நடங்கள் என்று பேரனிடம் சொல்லிவைத்தேன். கடைசியாகப் போனால் நஷ்டம் சில நிமிடங்கள்தான். முன்னால் ஓடினால் முழங்கால் போய்விடும்.

பாட்டிக்கு வேறு கவலை. "உள்ளே எவ்வளவு நேரம் நிற்க விடுவார்கள் அம்மா?"

என்ன சொல்வது? தங்க வாசல் அருகே போவதற்குள் "ஜரகண்டி" என்று தள்ளிவிடுவார்கள். கைகூப்பிக் கண்ணை மூடி, திறப்பதற்குள் வெளியே வந்து அழுதவர்கள் எத்தனையோ பேர். ஆகவே சொன்னேன்: "வேண்டுதலையெல்லாம் வரிசையிலேயே சொல்லி முடித்துவிடுங்கள் பாட்டி. உள்ளே கண்ணை மூடாதீர்கள். நெரிசலில் முழுத் திருமேனியையும் தேடாதீர்கள். வலது திருக்கையை மட்டும் பாருங்கள். அது திருவடியைக் காட்டும். அங்கிருந்து மேலே திருநாமத்துக்குப் போங்கள். அதற்குள் தள்ளினாலும் பரவாயில்லை. வெளியே வந்ததும் ஓடிவிடாமல் அண்ணாந்து பாருங்கள். ஆனந்த நிலையம் என்ற தங்க விமானத்தில் விமான வேங்கடேசர் இருக்கிறார். அவரை நின்று பார்க்கலாம்."

மாலையில் வராகசுவாமி சன்னதியருகே என் கையைப் பிடித்துக்கொண்டார் பாட்டி. "பார்த்துவிட்டேன். கை, பாதம், நாமம். மூன்றும் பார்த்துவிட்டேன். உடனே மறுபடி வரிசையில் நிற்கலாமா என்று இவனைக் கேட்டால் முறைக்கிறான்!"

சேவை முடியும் நாளில் எனக்கும் தரிசனம் வாய்த்தது. அந்தத் திருக்கையைப் பார்த்தேன். கோவிந்தா, என் வீட்டுக்காரரை நடக்க வைத்தாய், என்னை உன் வாசலில் நிற்க வைத்தாய், எதற்கென்று நன்றி சொல்வேன்! ஊருக்குத் திரும்பியதும் அவரே கேட்டார், அடுத்த சேவைக்குத் தன் பெயரையும் சேர்த்து எழுதுவாயா என்று. எழுதிவிட்டேன்.