எட்டாம் மாதத்தில் மூலம்: நான் சமாளித்த விதம்

31ஆவது வாரத்தில் ஒரு காலை, மலம் கழித்துவிட்டுத் துடைத்தபோது டிஷ்யூவில் பளீரென்று சிவப்பு. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு ரத்தத்தைப் பார்த்தால் மூலம் என்றா மனசு நினைக்கும்? கை நடுங்கிவிட்டது.

கொஞ்சம் நிதானித்து, கழுவிவிட்டு ஒரு புது நாப்கின் வைத்துக்கொண்டேன். ரத்தம் பிறப்புறுப்பிலிருந்து வருகிறதா, ஆசனவாயிலிருந்தா என்று தெரிய வேண்டும் அல்லவா? ஒரு மணி நேரம் கழித்தும் நாப்கின் சுத்தமாகவே இருந்தது. ஆசனவாயின் ஓரத்தில் பட்டாணி அளவுக்கு மெத்தென்று ஒரு வீக்கம் விரலில் தட்டுப்பட்டது. ஆனாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட்டேன். எங்கிருந்து ரத்தம் வருகிறது என்பதில் துளி சந்தேகம் இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்து யோசிக்கும் விஷயமல்ல அது.

இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, வெளிமூலம் ஒன்று, உள்ளே சின்னதாக இன்னொன்று என்றார் மருத்துவர். ஆசனவாயைச் சுற்றி ரத்தக்குழாய்கள் நிறைந்த சிறு மெத்தைகள் எல்லோருக்குமே உண்டாம். அவை வீங்கிப் புடைப்பதைத்தான் மூலம் என்கிறோம். கடைசி மாதங்களில் அது ஏன் வருகிறது என்றும் பொறுமையாகச் சொன்னார். கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவே ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ரத்தக்குழாய்ச் சுவர்களைத் தளர்த்திவிடுகிறது. அதற்கு மேல், பெரிதான கருப்பை இடுப்பிலிருந்து மேலே போகும் ரத்தக்குழாய்களை அழுத்துவதால், கீழே உள்ள ரத்தம் சுலபமாகத் திரும்ப முடியாமல் தேங்குகிறது. குடலையும் மந்தமாக்குவது அதே புரோஜெஸ்டிரோன்தான். மலம் குடலில் அதிக நேரம் தங்கினால் தண்ணீரை இழந்து இறுகும். அதை வெளியேற்ற முக்கினால், ஏற்கனவே புடைத்த இடத்தில் இன்னும் ரத்தம் ஏறும்.

கருப்பையின் எடையை நான் குறைக்க முடியாது, ஹார்மோனையும் மாற்ற முடியாது. முக்குவதை மட்டும்தான் நிறுத்த முடியும் என்று அன்றைக்குப் புரிந்தது.

என் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. 28ஆவது வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்ததால் இரும்புச்சத்து மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கியிருந்தார்கள். அடுத்த வாரமே மலம் கறுத்து, உருண்டை உருண்டையாக இறுகிவிட்டது. நிறம் மாறும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், இறுகியதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்போதே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று இப்போதும் தோன்றுகிறது. மருத்துவர் மாத்திரையை நிறுத்தவில்லை. வேறு வகைக்கு மாற்றி, ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கச் சொன்னார். அது எனக்காக, என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சொன்ன அளவு. நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ரத்தசோகையோடு பிரசவத்துக்குப் போவது மூலத்தைவிடப் பெரிய ஆபத்து.

அப்புறம் இசப்கோல். இங்கேதான் நான் தப்பு செய்தேன். சீக்கிரம் சரியாகட்டும் என்று முதல் நாளே மூன்று ஸ்பூனை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடித்தேன். இரண்டு நாள் வயிறு உப்பி, மலம் இன்னும் கட்டியானது. நார்ச்சத்து தண்ணீரை உறிஞ்சித்தான் மலத்தை மிருதுவாக்கும், தண்ணீர் போதாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். பிறகு ஒரு டீஸ்பூனை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து கெட்டியாகும் முன் குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி. சில நாட்கள் கழித்துத்தான் அளவைக் கூட்டினேன். பலன் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் அவசரப்படக் கூடாது. அதுவும் போதாத வாரத்தில் லாக்டுலோஸ் சிரப் எழுதித் தந்தார். அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும், ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். விளக்கெண்ணெய் பக்கம் மட்டும் போகவே வேண்டாம் என்றார், அது கருப்பையைச் சுருங்கத் தூண்டக்கூடும்.

கழிப்பறையில் உட்காரும் விதத்தையும் மாற்றினேன். காலுக்குக் கீழே ஒரு சிறிய முக்காலி வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயரமாக இருக்கும்படி உட்கார்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி லேசாக முன்னால் சாய்வேன். மூச்சை அடக்காமல், வாயைத் திறந்து மெதுவாக விடுவேன். மூச்சைப் பிடித்தால் நம்மை அறியாமலே முக்கிவிடுவோம். ஐந்து நிமிடத்துக்குள் வரவில்லை என்றால் எழுந்துவிடுவேன். போனை உள்ளே கொண்டுபோவதை நிறுத்தியதுதான் உண்மையில் பெரிய மாற்றம், ஏனென்றால் அந்த இருக்கையில் சும்மா உட்கார்ந்திருந்தாலே அடியில் ரத்தம் இறங்கிப் புடைக்கும். காலை உணவு முடிந்த அரை மணிக்குள் குடல் தானாக அசையும், அந்த உந்துதலை நான் தவறவிடுவதில்லை.

எரிச்சலுக்கு, அகலமான டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி 10 முதல் 15 நிமிடம் உட்காருவேன், ஒரு நாளைக்கு இரண்டு முறை. மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தால் சூடு உறைக்கக் கூடாது. உப்பு, கிருமிநாசினி எதுவும் சேர்க்கவில்லை. பிறகு தேய்க்காமல் ஒற்றி எடுப்பேன். களிம்புகளில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருப்பதால், மருத்துவர் எழுதித் தந்ததை மட்டும், அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் போட்டேன். படுக்கும்போது இடதுபக்கம்.

நான்கு வாரம் நிம்மதியாகப் போனது. 35ஆவது வாரத்தில் ஒரு நீண்ட பயணம். வழியில் வந்த உந்துதலை அடக்கினேன், கழிப்பறை தேட வேண்டுமே என்று தண்ணீரையும் குறைத்தேன். மறுநாள் நன்றாக முக்க வேண்டியதாயிற்று. அன்று மாலை உட்காரவே முடியாத வலி. தொட்டால் அந்த வீக்கம் மெத்தென்று இல்லை, கொட்டை போலக் கெட்டியாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் நீலம் பாய்ந்திருந்தது. உள்ளே ரத்தம் உறைந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். வலி தாங்க முடியாவிட்டால் முதல் மூன்று நாட்களுக்குள் மரத்துப்போக ஊசி போட்டு அதை நீக்கலாம், தாமதித்தால் அதனால் பலன் குறைவு என்றார். எனக்குத் தாங்கிக்கொள்ளும் அளவில் இருந்ததால் விட்டுவிட்டோம். பாராசிட்டமால், துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம், வெந்நீர் டப். நாலாம் நாள் வலி இறங்கியது, கட்டி கரைய மூன்று வாரம் பிடித்தது.

ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தாலோ, கட்டியாக வந்தாலோ, தலை சுற்றினாலோ, காய்ச்சல் வந்தாலோ நேரம் பார்க்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை.

பிரசவ அறைக்குள் போனதுமே செவிலியரிடம் மூலம் இருப்பதைச் சொல்லிவிட்டேன். சுகப்பிரசவம்தான். குழந்தையை வெளியே தள்ளியதில் வீக்கம் மறுபடி பெரிதானது, அதை எதிர்பார்த்தே இருந்தோம். பயந்தது அதற்குப் பிறகு முதல் முறை மலம் கழிப்பதற்குத்தான். பிறந்த அன்றிலிருந்தே லாக்டுலோஸைத் தொடர்ந்ததால் மூன்றாம் நாள் வலிக்காமல் போனது. பாலூட்டும்போது தாகம் அதிகம் என்பதால் பக்கத்திலேயே தண்ணீர் பாட்டில் வைத்திருந்தேன். ஆறாவது வாரப் பரிசோதனையில் வீக்கம் போய், தோல் மட்டும் சின்ன மடிப்பாக மிஞ்சியிருந்தது. அதை ஒன்றும் செய்ய வேண்டாம், ஆனால் மறுபடி ரத்தம் வந்தால் மூலம்தானே என்று விட்டுவிடாமல் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.