மூன்று கயிறு இருந்தும் தப்பு: ஐராட்டா லெவல் 1 தேர்வு எழுதிய கதை

உயரத்தில் வேலை செய்யும் சான்றிதழ் ஏற்கெனவே கையில் இருந்தது. சாரத்தில் நின்று வெல்டிங் அடித்துப் பழகியவன். அதனால் கயிற்றில் தொங்கியபடியே வேலை செய்யும் ரோப் அக்சஸை லேசாகத்தான் நினைத்தேன். சாரத்தில் ஹார்னெஸ் என்பது நாம் விழுந்தால் பிடிப்பதற்கு. காலுக்குக் கீழே பலகை இருக்கும். இங்கே கயிறுதான் பலகை. அது புரியவே முதல் நாள் போய்விட்டது.

ரோப் அக்சஸுக்குச் சான்றிதழ் தரும் சர்வதேச அமைப்பு ஐராட்டா. அதன் லெவல் 1-க்குக் குறைந்தது நான்கு நாள் பயிற்சி, ஐந்தாம் நாள் தேர்வு. தேர்வு வைப்பவர் வெளியிலிருந்து வருவார், பயிற்சி தந்தவர்கள் மதிப்பெண் போட முடியாது. ஏறுவது, இறங்குவது, முடிச்சைத் தாண்டுவது எல்லாம் உடம்பு வலியோடு வந்துவிட்டது. என்னைத் திணறடித்தது ஒரு ஜோடிக் கயிற்றிலிருந்து பக்கத்து ஜோடிக்கு மாறுவதுதான்.

ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று எடையைத் தாங்கும் வேலைக் கயிறு, மற்றது அது போனால் பிடிக்கும் பேக்கப் கயிறு. பழைய ஜோடியில், கயிற்றில் இறங்க உதவும் டிசென்டரில் தொங்கிக்கொண்டே, புதிய பேக்கப் கயிற்றில் இன்னொரு பேக்கப் கருவியை மாட்ட வேண்டும். புதிய வேலைக் கயிற்றை, ஏற உதவும் நெஞ்சு அசெண்டருக்குள் விட வேண்டும். இப்போது நான்கு பிடி. பிறகு டிசென்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபடி, மறுபக்கக் கயிற்றின் தொய்வை இழுத்துக்கொண்டே நகர வேண்டும்.

நான்காம் நாள் ஒத்திகையில் பாதி வழியில் தொங்கும்போது பழைய பேக்கப் கயிறு தோளைப் பக்கவாட்டில் இழுத்து எரிச்சலூட்டியது. கழற்றிவிட்டேன். கீழிருந்து, “தம்பி, நிறுத்து! எதையும் தொடாதே!” என்று பயிற்சியாளரின் சத்தம்.

“அண்ணா, இன்னும் மூணு கயிறு இருக்கே?”

“அந்தப் பக்கம் எத்தனைன்னு எண்ணு.”

அந்தப் பக்கம் டிசென்டர் ஒன்றுதான். அது போனால் நான் கீழே விழ மாட்டேன், உண்மைதான். ஆனால் ஊசல் மாதிரி வீசி எதிர்ச் சுவரில் மோதுவேன். மொத்தம் எத்தனை பிடி என்பது கணக்கே இல்லை. எடை முழுசாக மாறும்வரை பக்கத்துக்கு இரண்டு வேண்டும். மாறிவிட்டதா என்று கண்டுபிடிப்பது சுலபம்: பழைய வேலைக் கயிறு கையில் தளர்ந்து ஆடும். அதற்குப் பிறகுதான் கழற்றுவது: முதலில் டிசென்டர், அப்புறம் பேக்கப்.

தேர்வன்று அந்தக் கயிறு தளரும்வரை காத்திருந்தேன், தேவைக்கு அதிகமாகவே. அசெஸ்ஸர் வாட்சைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மீட்புப் பகுதியில், தொங்கும் ஆளை என் டிசென்டரிலேயே இறக்கும்போது கூடுதல் உராய்வுக்கான காரபினர் கொக்கியை மறக்காமல் போட்டிருந்தேன். இரண்டு ஆள் எடையில் அது இல்லாவிட்டால் கைப்பிடியை லேசாக அழுத்தினாலே கயிறு பாய்ந்து ஓடும்.

தேறினேன். சான்றிதழ் மூன்று வருடத்துக்கு. லெவல் 2-க்குக் குறைந்தது ஒரு வருடமும் ஆயிரம் மணி நேரமும் லாக்புக்கில் ஏற வேண்டும். அதுவரை ஒரு லெவல் 3 மேற்பார்வையில்தான் வேலை. இப்போது நாற்பத்தாறு மணி நேரம் ஆகியிருக்கிறது.