அம்மாவின் போனில் 25 ஜிபி இடம் மீட்ட கதை

"போட்டோ எடுத்தா சேவ் ஆக மாட்டேங்குதுடா" என்று அம்மா போனை நீட்டியபோது, 64 ஜிபி போனில் மிச்சம் இருந்தது 700 எம்பி. கேமராவைத் திறந்தால் இடம் போதவில்லை என்ற எச்சரிக்கை வந்தது. செயலி எதையும் புதுப்பிக்க முடியவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஆவணம்கூட இறங்கவில்லை. வேண்டாததை அழித்தால் சரியாகிவிடும் என்றுதான் உட்கார்ந்தேன். முடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. ஆனால் ஒரு கோப்பைக்கூட இழக்கவில்லை. எந்த வரிசையில் செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வேலையில் வரிசை மாறினால் போனது போனதுதான்.

முதலில் போனின் அமைப்புகளில் சேமிப்பகப் பக்கத்தைப் பார்த்தேன். சிஸ்டம் 15 ஜிபி, செயலிகள் 16, படங்கள் 9, வீடியோக்கள் 19, ஆவணம், ஆடியோ போன்றவை 4. வீடியோ 19 என்று சொன்னதே தவிர, அது அம்மா எடுத்ததா, யாரோ அனுப்பியதா என்று அந்தப் பக்கம் சொல்லவில்லை. அதற்கு வாட்ஸ்அப்புக்குள் போக வேண்டியிருந்தது. Settings, Storage and data, Manage storage என்ற வழியில் போனால் வாட்ஸ்அப் மட்டும் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரியும். 21 ஜிபி. படம், வீடியோ, மற்றவை என்று பார்த்த 32 ஜிபியில் மூன்றில் இரண்டு பங்கு வாட்ஸ்அப் வழியாகச் சேர்ந்தது.

உடனே அங்கேயே அழிக்கத் தொடங்கியிருக்கலாம். செய்யவில்லை. அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "குட்டிப் பையன் வீடியோ மட்டும் போயிடக் கூடாது." தங்கை அனுப்பியவை அவை. அவளுடைய பழைய போன் உடைந்துவிட்டது. அப்படியானால் அவள் மகன் முதன்முதலாக நடந்த அந்த 23 விநாடி வீடியோ உலகத்தில் இந்த ஒரு போனில் மட்டும்தான் இருக்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு கோப்பையும் ஒரே கேள்வியோடுதான் பார்த்தேன்: இதற்கு இன்னொரு பிரதி இருக்கிறதா, இருந்தால் எங்கே?

இந்தக் கேள்விக்கு மிகச் சுலபமாகப் பதில் சொல்வது கேஷ். செயலி வேகமாகத் திறப்பதற்காக இணையத்திலிருந்து இறக்கி வைத்துக்கொண்ட தற்காலிகப் பிரதிகள் அவை. அசல் வேறிடத்தில் இருக்கிறது, தேவைப்பட்டால் செயலியே மறுபடி இறக்கிக்கொள்ளும். அதனால் முதலில் அதில் கை வைத்தேன். 700 எம்பி மிச்சத்தில் எந்த வேலையும் ஓடாது, கொஞ்சம் மூச்சு விட இடம் வேண்டும். அமைப்புகளில் செயலிகள் பட்டியலைத் திறந்து, வீடியோ பார்க்கும் செயலி, உலாவி, பொருள் வாங்கும் செயலி என்று பெரிய நான்கை மட்டும் எடுத்து ஒவ்வொன்றிலும் Clear cache அழுத்தினேன். 2.6 ஜிபி கிடைத்தது. இது நிலையான இடம் இல்லை. அடுத்த வாரமே அதில் ஒரு ஜிபிக்கு மேல் திரும்ப நிரம்பிவிட்டது, கேஷின் இயல்பே அதுதான்.

அதே பக்கத்தில், அதற்கு அடுத்தே Clear storage என்று இன்னொரு பொத்தான் இருக்கும். சில போன்களில் Clear data. அது கேஷை மட்டும் அழிப்பதில்லை, செயலியைப் புதிதாக நிறுவிய நிலைக்குக் கொண்டுபோய்விடும். வாட்ஸ்அப்பில் அதை அழுத்தினால் உரையாடல்கள் போனிலிருந்து போய்விடும், பேக்கப் இருந்தால்தான் திரும்ப வரும். இரண்டு பொத்தானும் ஒரு விரல் இடைவெளியில் இருப்பதால், அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அந்தப் பக்கத்தையே நான் திறக்கவில்லை.

டெலிகிராமில் நிலைமை நேர் எதிர். அதில் சாதாரண உரையாடல்களில் வரும் படமும் வீடியோவும் அவர்கள் சர்வரில் இருக்கின்றன. போனில் இருப்பது கேஷ் மட்டுமே. Storage Usage பகுதியில் 3.8 ஜிபி இருந்தது. தயங்காமல் அழித்தேன். அழித்த பிறகு ஒரு பழைய வீடியோவைத் தொட்டுப் பார்த்தேன், மறுபடி இறங்கி ஓடியது. ஒரு வாரத்துக்கு மேல் திறக்காதவற்றைத் தானாக நீக்கும்படியும் அங்கேயே அமைத்துவிட்டேன். வாட்ஸ்அப்பை அப்படி நம்பக் கூடாது. பழைய வீடியோவை அழித்துவிட்டு உரையாடலில் தொட்டால் சர்வரிலிருந்து வந்துவிடும் என்று எண்ணி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அனுப்பியவரே மறுபடி அனுப்பினால்தான் உண்டு.

ஆகவே வாட்ஸ்அப்பில் எதையும் தொடுவதற்கு முன் மீடியா முழுவதையும் மடிக்கணினிக்கு நகலெடுத்தேன். யுஎஸ்பி கேபிளைச் செருகி, போனில் கோப்புப் பரிமாற்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் கணினியில் போனின் கோப்புறைகள் தெரியும். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் வாட்ஸ்அப் கோப்புகள் இருக்கும் இடம் இது:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media
```

முதல் முயற்சியில் மொத்தக் கோப்புறையையும் ஒரே இழுப்பில் போட்டேன். பாதியில் நின்றது. கேபிள் வழியாக ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் போகும்போது இப்படி நிற்பது சகஜம். பிறகு உள்ளே இருக்கும் கோப்புறைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன்: முதலில் WhatsApp Video, அது முடிந்ததும் WhatsApp Images, பிறகு மற்றவை. எப்போதும் காப்பிதான், கட் இல்லை. கட் செய்து பாதியில் நின்றால் எது எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போய்விடும்.

முடிந்தது என்று கணினி சொன்னதை நம்பாமல் எண்ணிக்கையை ஒப்பிட்டேன். போனின் வீடியோ கோப்புறையில் 2,914 கோப்புகள், கணினியில் 2,871. 43 குறைந்தது. கணினியில் கடைசியாக வந்திருந்த வீடியோவைத் திறந்தால் ஓடவில்லை. அது முதல் முயற்சி நின்றபோது அரைகுறையாக எழுதப்பட்டது. அதை அழித்துவிட்டு, மறுபடி காப்பி கொடுத்து, ஏற்கெனவே இருப்பதைத் தவிர்க்கச் சொன்னேன். இந்த முறை இரண்டு பக்கமும் 2,914. குட்டிப் பையனின் வீடியோவைக் கணினியில் முழுதாக ஓட விட்டுப் பார்த்த பிறகுதான் கேபிளைக் கழற்றினேன்.

இந்த இடத்தில் கோப்புப் பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பிரித்தெடுக்கும் வேலையில் பாதியை அதுதான் செய்துகொடுத்தது. வாட்ஸ்அப் படத்தின் பெயர் இப்படி இருக்கும்: IMG-20230514-WA0007.jpg. நடுவில் இருப்பது படம் எடுத்த நாள் இல்லை, வாட்ஸ்அப்பில் வந்த அல்லது போன நாள். WA என்ற எழுத்தே அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடும். அம்மாவின் போன் கேமராவில் எடுத்த படத்தின் பெயரிலோ தேதியோடு நேரமும் சேர்ந்திருக்கும், WA இருக்காது. ஒரே காட்சி இரண்டு பெயரிலும் கிடைத்தது. அம்மா எடுத்தது 3.4 எம்பி, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது சுருங்கி உருவான நகல் 190 கேபி. இப்படி அனுப்பிய நகல்கள் எல்லாம் Sent என்ற உட்கோப்புறையில் கிடக்கும். கேலரியில் தெரியாது, அதனால் பலர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அம்மாவின் போனில் வீடியோ Sent மட்டும் 3 ஜிபி.

அசல், போன் கேமராவில் எடுத்தவை சேரும் DCIM கோப்புறையில் இருப்பதால் Sent-ஐ அப்படியே அழித்துவிடலாம் என்று தோன்றியது. நல்ல வேளை, முதலில் சிலவற்றைத் திறந்து பார்த்தேன். அம்மா பல நேரம் வாட்ஸ்அப்புக்குள் இருக்கும் கேமராவிலேயே எடுத்து அனுப்புகிறார். அவற்றுக்கு DCIM-ல் அசலே இல்லை, அந்தச் சுருங்கிய நகல்தான் எல்லாம். கணினியில் பிரதி இருந்ததால் தைரியமாக அழித்தேன்.

அதன் பிறகு Manage storage வேலை வேகமாகவே நடந்தது. பல முறை பகிரப்பட்டவை, 5 எம்பிக்கு மேற்பட்டவை என்று மேலே இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தை அம்மாவிடம் காட்டினேன், ஒன்றுகூட வேண்டாம் என்றார். இரண்டாவதில் அளவு வாரியாக வரிசைப்படுத்திப் பெரியதிலிருந்து பார்த்தோம். குட்டிப் பையனின் வீடியோ அங்கேதான், 6 எம்பியாக, யாரோ அனுப்பிய சமையல் வீடியோவுக்கும் காலை வணக்க வீடியோவுக்கும் நடுவில் இருந்தது. மொத்தமாகத் தேர்ந்தெடுத்திருந்தால் அதுவும் சேர்ந்து போயிருக்கும். ஒரே வீடியோ நான்கு குழுக்களில் வந்திருந்தால், ஒரு இடத்தில் அழித்தால் மட்டும் இடம் கிடைக்காது. Delete item and all copies என்று கேட்கும்போது அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாம் முடிந்தபோது 21 ஜிபி 7 ஆகியிருந்தது.

கேமரா வீடியோக்கள்தான் கடைசி. அவற்றையும் கணினிக்கு நகலெடுத்துவிட்டு, நீளமானவையும் கை ஆடியவையுமாக 4 ஜிபி அளவுக்குக் கேலரியில் அழித்தேன். சேமிப்பகப் பக்கத்தைத் திறந்தால் எண் அசையவே இல்லை. அழித்தவை கேலரியின் குப்பைத் தொட்டிக்குப் போயிருந்தன. அங்கே இருக்கும்வரை இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். தொட்டியைக் காலி செய்த மறுநொடி 4 ஜிபி கூடியது.

கூகுள் போட்டோஸில் பேக்கப் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பேக்கப் ஆன படத்தை அந்தச் செயலிக்குள் சாதாரணமாக அழித்தால் போனிலும் போகும், கிளவுடிலும் போகும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் Free up space என்பதைத்தான் பயன்படுத்த வேண்டும். அதுவும் பேக்கப் முழுதாக முடிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு. இலவச 15 ஜிபி என்பது மெயிலுக்கும் டிரைவுக்கும் சேர்த்துத்தான், அது நிறைந்துவிட்டால் பேக்கப் நின்றுவிடும். வாட்ஸ்அப் கோப்புறையைத் தனியாகச் சேர்த்தால் ஒழிய அதில் வந்த படங்கள் பொதுவாக அங்கே போவதில்லை.

மாலையில் காலி இடம் 25 ஜிபி. மறுபடி நிரம்பாமல் இருக்க வாட்ஸ்அப்பின் Media auto-download-ல் மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் வீடியோவை அணைத்தேன். Media visibility-யை அணைத்தால் இடம் மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கேலரியில் காட்டாமல் மறைக்கும், அவ்வளவுதான். கோப்பு இறங்கி உட்கார்ந்துகொண்டுதான் இருக்கும்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தேன், 23.5 ஜிபி. குழுக்களில் வந்த வீடியோக்கள் எல்லாம் அம்புக்குறியோடு மங்கலாக நிற்கின்றன. தங்கை அனுப்பியதை மட்டும் அம்மா தொட்டு இறக்கியிருக்கிறார்.