வாடகை அறைக்கு வெட்டிக் கொடுத்த வினைல்

வாடகை அறைக்கு வினைல் தரைவிரிப்பு கேட்டு எங்கள் கடைக்கு வந்த பெண், பிளாஸ்டிக் தாளின் அடிப்பக்கம் நீர் முத்து கோத்திருந்த படத்தைப் போனில் காட்டியதும், வினைல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தரைத்தளம், பத்துக்குப் பத்து அறை, பழைய சிவப்பு ரெட் ஆக்சைடு தரை. ஓதம் இருக்குமோ என்ற சந்தேகத்தில், இரண்டடி சதுரத் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள் என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். தாளின் மேலே ஈரம் நின்றால் அது அறைக்காற்றில் இருந்து வருவது. அடியில் நின்றால் தரைக்குள்ளிருந்து வருவது.

அப்படிப்பட்ட தரையில் சணல் விரிப்புதான் முதலில் கெடும். பழுப்புத் திட்டு விழும், நாறும். கார்பெட் ஈரத்தோடு தூசியையும் பிடித்து வைக்கும், ஒற்றை அறையில் அதைத் துவைத்துக் காயப்போடவும் இடமிருக்காது. தென்னைநார் பாய் ஈரத்தை ஓரளவு தாங்கும். அடியில் ரப்பர், பிவிசி எதுவும் ஒட்டாத, நெய்த பாயாக இருக்கவேண்டும். அதையே எடுத்துக் காட்டினேன்.

"குழந்தை தவழுதுண்ணா. முட்டி உரிஞ்சிடாதா?"

உரியத்தான் செய்யும். மேலே ஒரு பவானி ஜமக்காளம் விரித்து, தினமும் மடித்து உதறச் சொன்னேன்.

"வேலைக்குப் போய்ட்டு வந்து அதுக்கு எங்கண்ணா நேரம்? பதினோரு மாச அக்ரிமெண்ட். அதுவரைக்கும் தொடைச்சா சுத்தமாகுற மாதிரி இருந்தா போதும்."

இந்த இடத்துக்குத்தான் மனம் திரும்பத் திரும்பப் போகிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தரையைப் பற்றியது. அவர் பேசியது அந்த அறையில் கழியப்போகும் நாட்களைப் பற்றி. வினைலுக்கு அடியில் ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பிடிக்க வருஷக் கணக்கு ஆகாது, மழைக்காலமே போதும். அந்த வாடையைச் சுவாசிக்கப்போவதும் அதே குழந்தைதான். பசை போட்டால் காலி செய்யும்போது ரெட் ஆக்சைடின் மெருகு உரிந்து வரும், வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடிப்பார். இதையெல்லாம் சொன்னேன். சொல்லாமல் விற்றவன் இல்லை.

கடைசியில் ஆறடி அகல ரோலில் எட்டடி மட்டும் வெட்டினேன். ஒரே துண்டு, இணைப்பு இல்லை, பசையும் இல்லை. கட்டிலும் பீரோவும் அதன்மேல் ஏறாமல் மிச்ச நாலடியில் நிற்கட்டும், வாரம் ஒருமுறை சுருட்டித் தரையைக் காற்றாட விடுங்கள் என்றேன்.

"முழுசாப் போட்டா அந்தத் தரையே கண்ணுல படாதேண்ணா" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. விற்பனை பாதியாகப் போனதில் முதலாளிக்கும் வருத்தம்.

அந்த அறைக்கு அதைவிடச் சரியான வழி இருந்ததாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஜமக்காளம் மடிக்கவே நேரமில்லை என்றவர் வினைலைச் சுருட்டுவார் என்று எந்த நம்பிக்கையில் வெட்டினேன்? சுருட்டாமல் விட்டால், தென்னைநார்தான் என்று பிடிவாதமாக நின்றிருக்க வேண்டும். நின்றிருந்தால் அடுத்த கடையில் அறை முழுக்கப் பசை போட்டு ஒட்டிக் கொடுத்திருப்பார்கள். அதற்கு இது மேல் என்றுதான் அன்று நினைத்தேன்.