பன்னிரண்டு அடி ரூம் எட்டரை அடியாகத் தெரிந்த கதை

வீட்டுக்குக் குடி வந்து நாலு மாசம் ஆகிறது. பிளான் பேப்பரைப் படிக்கத் தெரியாமல் நான் பட்ட பாட்டை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் சொந்த மனை. பிளான் போட்டது, பணம் கட்டியது, அப்ரூவல் எல்லாம் பெரிய தொந்தரவில்லாமல் முடிந்தது. சிக்கல் ஆரம்பித்தது ஒரு ஜெராக்ஸில்.

ஒரிஜினல் பிளான் A3 பேப்பரில் இருந்தது. மடித்துப் பையில் வைக்கச் சௌகரியமாக இருக்கட்டும் என்று A4-ல் ஒரு காப்பி எடுத்தேன். மூலையில் ‘அளவு 1:100’ என்று போட்டிருந்தது. பேப்பரில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு மீட்டர். இது தெரிந்த மிதப்பில், பையனின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்துப் பெரிய பெட்ரூமை அளந்தேன். 2.6 சென்டிமீட்டர்கூட முழுசாக இல்லை. அப்படியானால் 2.6 மீட்டர், அதாவது எட்டரை அடி. ஆனால் ரூமுக்குள் எழுதியிருந்தது 12 அடி!

ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். மறுநாள் லீவு போட்டுவிட்டு, பஸ் பிடித்து கிருஷ்ணகிரியில் பிளான் போட்டுக் கொடுத்த ஆபீஸுக்குப் போனேன். இன்ஜினியர் சைட்டுக்குப் போய்விட்டார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், “அதெல்லாம் மேஸ்திரிக்குத் தெரியும் சார், நீங்க ஏன் ஸ்கேல் வெச்சுப் பாக்கறீங்க” என்றார். அரை நாள் காத்திருந்ததற்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான்.

ராத்திரி அக்கா மகன் வந்தான். பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறான். காப்பியைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். “மாமா, A3-ஐ A4 ஆக்குனா மெஷின் 71 சதவீதமாச் சுருக்கிடும். மூலையில எழுதின 1:100 மட்டும் அப்படியே நிக்கும். இந்தக் காப்பிக்கு அது பொய்.” ஒரிஜினலை விரித்து அளந்தோம். 3.66 சென்டிமீட்டர். 12 அடிக்குச் சரியாக அதுதான் வர வேண்டும். போனில் வந்த PDF-ஐ பிரின்ட் போடும்போது Actual size கொடுக்காமல் Fit என்று விட்டாலும் இதே கூத்து நடக்குமாம். கையில் இருக்கிற பேப்பர் சுருங்கியதா என்று பார்க்க, எழுதியிருக்கிற ஒரு அளவை எடுத்து ஸ்கேலில் வைத்துப் பார்த்தால் போதும். ஒத்துப்போகவில்லை என்றால் அந்தக் காப்பியில் ஸ்கேல் வைக்கவே கூடாது. எழுதிய எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

எண்ணை நம்பினால் மட்டும் ஆச்சா? அந்த எண் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். எனக்குக் காசு செலவானது இந்த இடத்தில்தான்.

பிளானில் சுவர் என்பது இரண்டு கோடு. வெளிச்சுவர் ஒன்பது இன்ச், உள்ளே தடுக்கிற சுவர் நாலரை இன்ச். 1:100-ல் ஒன்பது இன்ச் சுவரின் இரண்டு கோட்டுக்கும் நடுவே இரண்டேகால் மில்லிமீட்டர்தான் இடைவெளி, நாலரை இன்ச் அதில் பாதி. ரூமுக்குள் எழுதியிருக்கும் 12 அடி, ஒரு சுவரின் உள்கோட்டிலிருந்து எதிர்ச்சுவரின் உள்கோடு வரை. சுவரின் கனம் அதில் சேராது. எங்கள் வீட்டில் வடக்கிலிருந்து தெற்கே 12 அடி ரூம், பக்கத்தில் 10 அடி ரூம். மொத்தம் 22 அடி என்றுதான் நானும் கணக்குப் போட்டிருந்தேன். மருமகன் ஒரு துண்டுப் பேப்பரில் கூட்டிக் காட்டினான்: 9 இன்ச், 12 அடி, நாலரை இன்ச், 10 அடி, மறுபடி 9 இன்ச். மொத்தம் 23 அடி 10½ இன்ச். பிளானின் ஓரத்திலும் அதே எண் இருந்தது. அந்தத் துண்டுப் பேப்பரைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

மார்க்கிங் அன்றைக்கு பூஜை முடிந்து மேஸ்திரி முளை அடித்து நூல் கட்டினார், சுண்ணாம்புப் பொடி போட்டார். ஜேசிபி வடக்குப் பக்கக் குழியை எடுத்து முடித்து, நடுச்சுவர்க் குழியில் கை வைத்துவிட்டது. சும்மா இருக்க முடியாமல் டேப்பைப் பிடித்தேன். வடக்கு நூலுக்கும் தெற்கு நூலுக்கும் நடுவே சரியாக 22 அடி. “மேஸ்திரி, இந்த நூல் சுவரோட எந்த இடம்?” “சென்டர் தம்பி. அஸ்திவாரத்துக்குச் சென்டர்தான் கட்டுவோம்.”

சென்டர் கட்டியது சரி. ரூமுக்குள் எழுதிய 12-ஐயும் 10-ஐயும் அப்படியே சென்டருக்கு சென்டர் வைத்ததுதான் தப்பு. பெரிய ரூமுக்கு, 12 அடியோடு வெளிச்சுவரில் பாதி நாலரை இன்ச், நடுச்சுவரில் பாதி இரண்டேகால் இன்ச் சேர்த்து, 12 அடி 6¾ இன்ச் வைத்திருக்க வேண்டும். அடுத்த ரூமுக்கு 10 அடி 6¾. அவர் கட்டிய நூல்படி போயிருந்தால் வீட்டின் வெளி அளவு 22 அடி 9 இன்ச்தான் வந்திருக்கும். ஒரு அடி ஒன்றரை இன்ச் காணாமல் போயிருக்கும்.

துண்டுப் பேப்பரை நீட்டினேன். மேஸ்திரி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “ஜேசிபிய நிறுத்தச் சொல்லுங்க” என்றார். நடுக்குழியை ஏழு இன்ச் தள்ளி அகலப்படுத்த வேண்டியதாகிவிட்டது, அதற்கு ஜேசிபி வாடகை கூடுதலாக ஒரு மணி நேரம். தெற்குக் குழி தப்பித்தது. இதற்கே அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள்: அந்த 12 அடி செங்கல்லுக்குச் செங்கல். இரண்டு பக்கமும் பூச்சு அரை இன்ச் ஏறினால் 11 அடி 11 இன்ச். பீரோவும் கட்டிலும் அளவெடுத்துச் செய்யச் சொல்கிறவர்கள் பூச்சு வேலை முடிந்தபின் அளப்பது நல்லது. ஒன்பது இன்ச் செங்கலுக்குப் போட்ட பிளானை வைத்துக்கொண்டு ஆறு இன்ச் பிளாக்கில் கட்டுகிறவர்களும் எங்கள் பக்கம் நிறைய. மிச்சமாகிற மூன்று இன்ச் ரூமுக்குள் போகுமா, வெளி அளவு குறையுமா என்று மார்க்கிங்குக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜன்னலில் பிரச்சினை வரவில்லை. சுவர்க் கோடு விட்டுப்போன இடத்தில் மெல்லிய கோடுகள், பக்கத்தில் W. பிளான் அகலத்தை மட்டும்தான் காட்டும். உயரத்தை ஓரத்தில் இருக்கும் அட்டவணையில் பார்க்க வேண்டும்.

கதவில்தான் கோட்டை விட்டேன். பிளானில் கதவு ஒரு கோடும், கால்வட்டமும். கோடு என்பது முழுசாகத் திறந்து நிற்கிற கதவு. அது சுவரைத் தொடுகிற இடத்தில் கீல். கால்வட்டம் எந்த ரூமுக்குள் வரைந்திருக்கிறதோ அந்தப் பக்கம் கதவு திறக்கும். பாத்ரூமுக்கு வட்டம் உள்ளே போட்டிருந்தது. வெளியே திறந்தால் குறுகலான நடையில் பெட்ரூம் கதவோடு மோதும் என்பதற்காக இன்ஜினியர் யோசித்துப் போட்டது.

நிலை வைத்த அன்றைக்கு நான் டூட்டியில் இருந்தேன். கதவு உட்காருவதற்கு நிலையில் காடி வெட்டியிருக்கும், காடி எந்தப் பக்கம் இருக்கிறதோ கதவு அந்தப் பக்கம்தான் திறக்கும். கீலை இடமா வலமா என்று பிறகும் மாற்றலாம், காடியை மாற்ற முடியாது. எங்கள் பாத்ரூம் நிலையைக் காடி நடையைப் பார்க்கிற மாதிரி வைத்துச் சுற்றிச் சுவரும் கட்டிவிட்டார்கள். கதவு மாட்டியபோதுதான் தெரிந்தது. நிலையைப் பெயர்த்தால் டைல்ஸ் போய்விடும் என்றார் கார்பென்டர். விட்டுவிட்டோம்.

இப்போது எங்கள் வீட்டில் பாத்ரூமுக்குள் இருக்கிறவர்தான் வெளியே வருவதற்கு முன் கதவைத் தட்ட வேண்டும்.