ஒரே பட்டியலில் முதலிடம் மாறிய கதை

மதுரையில் வீட்டிலிருந்தபடியே சுடுமண் நகை செய்து விற்கும் என் அக்கா, தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தின் 12 பதிவுகளுக்குரிய இன்சைட்ஸ் திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "தம்பி, இனிமே ரீல்ஸ் மட்டும் போட்டாப் போதுமா, பார்த்துச் சொல்லு" என்று கேட்டார். நான்கு ரீல்கள், ஒரே பதிவில் பல படங்களைத் தள்ளிப் பார்க்கும் கரோசல்கள் நான்கு, நான்கு ஒற்றைப் படங்கள். அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன்.

முதலில் லைக், கமென்ட், ஷேர், சேவ் ஆகிய நான்கையும் கூட்டி, பக்கத்தைப் பின்தொடரும் 2,500 பேரால் வகுத்தேன். ஒரு ரீலுக்கு 21.8 சதவீதம் வந்தபோதே சந்தேகம் எழுந்தது. அந்த ரீல் 18.2K பேரைச் சென்றடைந்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் பக்கத்தைப் பின்தொடராதவர்கள். பார்த்தவர்களில் எத்தனை பேர் ஏதேனும் செய்தார்கள் என்பதே கேள்வி என்றால், வகுக்கவேண்டிய எண் ரீச், அதாவது பதிவு சென்றடைந்த தனி நபர்களின் எண்ணிக்கைதான். அதற்கு அருகிலேயே தெரியும் வியூஸ் எண்ணையும் எடுக்கக்கூடாது. ஒருவரே மூன்று முறை பார்த்தால் அது மூன்றாகிவிடும், ரீச்சில் அவர் ஒருவர்தான். ஆகவே விரிதாளில் B முதல் E வரை நான்கு வகை எண்களையும், F-இல் ரீச்சையும், G-இல் விகிதத்தையும் வைத்துக்கொண்டேன்.

```
=SUM(B2:E2)/F2*100
```

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் எண்கள் மங்கிப்போகின்றன. இரண்டாவது ரீலின் லைக் எண்ணிக்கையை நான் 33 என்று படித்தேன்; 9 கமென்ட், 16 ஷேர், 18 சேவ் சேர்த்து 76 ஆனது. ஆனால் அதே திரையில் மொத்த இன்டராக்ஷன்ஸ் 126 என்று இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது லைக் எண்ணிக்கை 83. ரீச் 2,100 என்பதால், இந்த ஓர் இலக்கப் பிழை 6.0 சதவீதத்தை 3.6 ஆக்கியிருக்கும். அதன்பின் ஒவ்வொரு வரியையும் மொத்தத்தோடு ஒப்பிட்டே அடுத்ததற்குப் போனேன். 18.2K என்று சுருக்கிக் காட்டுவதைப் பற்றிக் கவலைப்படத் தேவையிருக்கவில்லை. உண்மை எண் 18,150 ஆனாலும் 18,249 ஆனாலும் அந்த ரீலின் விகிதம் 3.0 சதவீதத்திலேயே நிற்கிறது.

வகைவாரியாக வரிசைப்படுத்தும்போதுதான் உண்மையான சிக்கல் வந்தது. ரீல்களின் விகிதங்கள் 3.0, 6.0, 5.0, 6.0, சராசரி 5.0. கரோசல்களுடையவை 5.0, 4.5, 4.0, 5.0, சராசரி 4.6. ரீலுக்கே முதலிடம் என்று அக்காவுக்குத் தட்டச்சுகூடச் செய்துவிட்டேன். அனுப்புமுன், ஒவ்வொரு வகையின் மொத்த இன்டராக்ஷன்களை மொத்த ரீச்சால் வகுத்துப் பார்ப்போமே என்று தோன்றியது.

```
=SUM(B2:E5)/SUM(F2:F5)*100
```

ரீல்களுக்கு 24,000 ரீச்சில் 875, அதாவது 3.6 சதவீதம். கரோசல்களுக்கு 6,000 ரீச்சில் 278, அதாவது 4.6. வரிசை தலைகீழாகிவிட்டது. ஒற்றைப் படங்கள் மட்டும் 2.8 சதவீதத்தோடு எப்படிக் கணக்கிட்டாலும் கடைசியில்தான் நின்றன.

இரண்டு கணக்கிலும் பிழையில்லை. விகிதங்களின் சராசரியில் ஒவ்வொரு பதிவுக்கும் சமமான எடை. மொத்தத்தை மொத்தத்தால் வகுக்கும்போது ரீச்சுக்கு ஏற்ற எடை, எனவே அந்த 18.2K ரீல் ஒன்றே ரீல்களின் கணக்கில் முக்கால் பங்கைப் பிடித்துக்கொள்கிறது. பரிச்சயமில்லாதவர்களிடம் பரவும் ரீலைப் பலர் விரலால் தள்ளிவிட்டுப் போவார்கள் என்பதால் அதன் விகிதம் இறங்கியதில் வியப்பில்லை. அதற்காக அந்த ரீலைத் தோல்வி என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அடுத்து ஒரு பதிவு போட்டால் என்ன எதிர்பார்க்கலாம் என்பதே அக்காவின் கேள்வி என்பதால், ஒற்றை விதிவிலக்கு இழுத்துவிடாத இடைநிலை எண்ணை, அதாவது `MEDIAN` தரும் மதிப்பை எடுத்தேன்: ரீல் 5.5, கரோசல் 4.75, படம் அதற்கும் கீழே. வகைக்கு நான்கே பதிவுகள் இருக்கையில் ரீலுக்கும் கரோசலுக்கும் உள்ள இந்த முக்கால் புள்ளி வித்தியாசத்தை நம்பி ஒன்றைக் கைவிடச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒற்றைப் படங்களைக் குறைக்கலாம் என்று மட்டும் உறுதியாக எழுதினேன். அடுத்த எட்டுப் பதிவுகளையும், போட்டு ஏழு நாள் ஆனபின், வாட்ஸ்அப்பில் படமாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அக்கா முதல் ஸ்க்ரீன்ஷாட்டை மறுநாளே, படமாகவே அனுப்பினார்.